அத்தாவை ஏன் தடுத்தார்கள்?

"போன மாதம் காரைக்குடியில் எங்கள் அம்மா மவுத்தாகிவிட்டார்கள். அத்தா தன் கையாலேயே குளிப்பாட்ட வேண்டும் என்று கேட்டார். ஜமாஅத் பெரியவர்கள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தொண்டியில் என் மச்சான் வீட்டில் மனைவியைக் கணவரே குளிப்பாட்டியிருக்கிறார். எது சரி? குளிப்பாட்டுவதில் தொடங்கி அடக்கம் வரை ஒவ்வொன்றையும் ஏன் இப்படிச் செய்கிறோம் என்று காரணத்தோடு யாராவது சொல்ல முடியுமா?"

தம்பி, இரண்டு ஊரிலும் நடந்தது சரிதான். மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டத்தை விளக்கும் ஒரு வழி. உங்கள் பெரியவர்கள் ஹனஃபி மத்ஹப் சட்டப்படி சொன்னார்கள். தொண்டியில் ஷாஃபி மத்ஹப் சட்டப்படி செய்தார்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி. கடற்கரை ஊர்களில் ஷாஃபிதான் வழக்கம். கொஞ்ச நேர பஸ் பயணத்தில் சட்டம் மாறுவது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் காரணம் இருக்கிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. என் அத்தா மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர், சட்ட நூல்களை அவரிடம்தான் படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டி வருகிறேன். அதனால் கிதாபில் இருப்பதையும் குளிப்பாட்டும் பலகையில் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

அத்தா விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஹனஃபி இமாம்கள் நிக்காஹ் என்ற ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்த்தார்கள். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும், அது முடியும்வரை மறுமணம் செய்ய முடியாது. அதாவது அந்த நிக்காஹின் ஒரு பகுதி அவள் மேல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே அவள் கணவனைக் குளிப்பாட்டலாம். மனைவி இறந்தால் கணவனுக்கு இத்தா கிடையாது. சட்டப்படி அவன் மறுநாளே அவளுடைய தங்கையை நிக்காஹ் செய்ய முடியும். அக்காவின் நிக்காஹ் நீடித்தால் தங்கையைச் செய்ய முடியாது, ஆகவே அது மரணத்தோடு முடிந்துவிட்டது என்று ஆகிறது. நிக்காஹ் முடிந்தபின் தொடும் உரிமையும் முடிகிறது. கேட்க வறட்டுத்தனமாகத்தான் இருக்கும். துக்க வீட்டில் நின்று இதைச் சொல்ல எனக்கும் வாய் வந்ததில்லை.

ஷாஃபி இமாம்களும் மற்றவர்களும் வேறு விதமாகப் பார்த்தார்கள். மனைவி இறந்தபின் கணவன் வாரிசாகப் பங்கு பெறுகிறானே, உறவு அறுந்துவிட்டால் எப்படிப் பெறுவான் என்று கேட்டார்கள். நபிகள் நாயகம் ஆயிஷா நாயகியிடம், "நீ எனக்கு முன் இறந்தால் நானே உன்னைக் குளிப்பாட்டிக் கபனிடுவேன்" என்று சொன்ன ஹதீஸை எடுத்துக்காட்டினார்கள். 632இல் ஃபாத்திமா நாயகி மவுத்தானபோது அலி அவர்கள் குளிப்பாட்டியதையும் ஆதாரம் ஆக்கினார்கள். அது அந்தத் தம்பதிக்கு மட்டும் உள்ள சிறப்பு என்பது ஹனஃபி தரப்பின் பதில். மனைவி கணவனைக் குளிப்பாட்டுவதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. 634இல் அபூபக்கர் அவர்களை அவர் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் குளிப்பாட்டினார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹனஃபி நூல்களில் தடுக்கப்பட்டது குளிப்பாட்டுவதும் தொடுவதும்தான். முகத்தைப் பார்ப்பது தடுக்கப்படவில்லை. சந்தூக்கைத் தூக்குவதும் தடுக்கப்படவில்லை. நம் ஊர்களில் சிலர் இதை இழுத்து, "மவுத்தான உடனே அவர் அந்நிய ஆள் ஆகிவிட்டார், முகம்கூடக் காட்டாதே" என்று கிழவரை வாசலில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அது சட்டம் இல்லை. உங்கள் அத்தாவுக்கும் அப்படி நடந்திருந்தால், அது பெரியவர்கள் கூடுதலாகச் சேர்த்தது.

சரி, அம்மாவைக் குளிப்பாட்டியது எப்படி, ஏன் என்பதற்கு வருகிறேன். நீங்கள் கதவுக்கு வெளியே இருந்திருப்பீர்கள்.

இந்த முறையின் பெரும்பகுதிக்கு வேர் ஒரு பெண் சொன்ன ஹதீஸ். உம்மு அதிய்யா என்ற அன்சாரிப் பெண்மணி நபிகளின் மகளைக் குளிப்பாட்டியவர். தண்ணீரும் இலந்தை இலையும் கொண்டு மூன்று தடவையோ ஐந்து தடவையோ, தேவைப்பட்டால் அதற்கு மேலோ ஊற்றுங்கள், கடைசித் தடவையில் கற்பூரம் சேருங்கள், வலப்பக்கத்திலிருந்தும் ஒளுவின் உறுப்புகளிலிருந்தும் ஆரம்பியுங்கள் என்று நபிகள் அவரிடம் சொன்னார்கள். ஆண்களைக் குளிப்பாட்டுகிறவர்களும் அந்தப் பெண்மணி சொன்ன வழியில்தான் இன்றும் செய்கிறார்கள்.

முதலில் மறைப்பு. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் வசதியாக இருக்கட்டும் என்று முற்றத்தில் பலகை போட்டுவிடுவார்கள், தண்ணீர் ஓட வழி இருக்கும். ஆனால் மேலே வானம் திறந்து கிடக்கும், பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். ஆகவே நாலு பக்கமும் துணி கட்டினால் போதாது, மேலேயும் கட்டச் சொல்வேன். ஒருமுறை பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏன்டியம்மா, செத்தவளுக்கு என்ன வெட்கம்?" என்று கேட்டார். உயிரோடு இருந்தபோது யார் முன்னால் உடம்பைக் காட்டியிருக்க மாட்டாளோ, அவர்கள் முன்னால் இப்போதும் காட்டக் கூடாது என்றேன். ஆச்சிக்குப் புரிந்தது. குளிப்பாட்டும் எங்களுக்கும் அதே சட்டம்தான். பெண்ணுக்குப் பெண் என்றாலும் தொப்புளிலிருந்து முழங்கால் வரை பார்க்கக் கூடாது. அந்தப் பகுதியைத் துணிக்கு அடியில், கையில் துணி சுற்றிக்கொண்டு அல்லது கையுறை போட்டுக்கொண்டு கழுவுவோம். நடைமுறையில் நான் மார்பிலிருந்தே மூடிவிடுவேன்.

அதற்குப்பின் வயிற்றை மெதுவாக அமுக்கி, வெளியே வருவதைச் சுத்தம் செய்து, ஒளு செய்து வைப்போம். வாய் கொப்பளிக்கவும் மூக்கில் தண்ணீர் செலுத்தவும் மட்டும் மாட்டோம். ஊற்றினால் உள்ளே போகும், வெளியே எடுக்க முடியாது, பிறகு கபனில் கசியும். ஈரத்துணியை விரலில் சுற்றிப் பல்லையும் மூக்குத் துவாரத்தையும் துடைத்தால் போதும். அடுத்து தலை. அப்புறம் மய்யித்தை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்போம். புதிதாக உதவிக்கு வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள், "வலது பக்கம்தானே முதலில்?" என்பார்கள். இடப்பக்கம் சாய்த்தால்தானே வலப்பக்கம் மேலே வரும்! அதை முதலில் கழுவிவிட்டு மறுபக்கம் திருப்புவோம்.

இலந்தை இலை அந்தக் காலத்து சோப்பு. இலையை இடித்துத் தண்ணீரில் கலக்கினால் நுரை வரும், அழுக்குப் போகும். நம் பொட்டல் காடுகளில் இலந்தைக்குப் பஞ்சமே இல்லை, பிள்ளைகளை அனுப்பினால் பத்து நிமிடத்தில் ஒரு கட்டு வந்துவிடும். கிடைக்காத ஊரில் சோப்பே போதும், கடமை தண்ணீரால் நிறைவேறுகிறது. கற்பூரத்துக்கு நூல்கள் சொல்லும் காரணம் மூன்று: வாசனை, உடம்பு சீக்கிரம் தளர்ந்துபோகாமல் இறுக்குவது, பூச்சிகளை அண்டவிடாமல் தடுப்பது. உடம்பைத் துடைத்தபின் கற்பூரத்தை நெற்றி, மூக்கு, இரு உள்ளங்கை, இரு முழங்கால், இரு பாதம் ஆகிய இடங்களில் வைப்போம். ஸஜ்தாவில் தரையைத் தொடும் இடங்கள் அவைதான். எழுபது வருடம் தொழுதவருக்கு அந்த இடங்களில் தோல் காய்த்திருக்கும். பலரிடம் பார்த்திருக்கிறேன்.

எங்கே தப்பு நடக்கிறது என்றால், இப்போதெல்லாம் மருத்துவமனையிலிருந்து வரும் மய்யித்துகளில்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த அம்மாவின் கையில் ஊசி ஏற்றும் குழாயைக் கழற்றி, அதன்மேல் பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பிளாஸ்திரி இருந்தால் அதற்கடியில் தண்ணீர் படாது, குளிப்பு நிறைவேறாது. எடுத்தால் ரத்தம் வருகிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தால் இப்படி ஆகும். தேங்காய் எண்ணெய் தடவிப் பிளாஸ்திரியை மெல்ல உரித்து, அந்த இடத்தைக் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினோம். கபனிட்டபின் கையோரம் சிவப்பாகக் கசிந்தது. வீட்டில் அழுகை, மறுபடி குளிப்பாட்ட வேண்டும் என்று கூட்டம். தேவையே இல்லை. குளிப்பாட்டியபின் ஏதாவது வெளிப்பட்டால் அந்த இடத்தை மட்டும் கழுவினால் போதும், கபனிட்டுவிட்டால் ஹனஃபி சட்டப்படி அதுகூட வேண்டாம். குளிப்பு ஒரு தடவை நிறைவேறிவிட்டது, இறந்த உடம்பிலிருந்து கசிவதை யாராலும் முழுக்க நிறுத்த முடியாது. நகப்பூச்சு இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும், மருதாணிச் சிவப்புக்குக் கவலை வேண்டாம். தண்ணீரைத் தடுப்பது எது என்பதுதான் அளவுகோல். தண்ணீர் பட்டாலே பிய்ந்துபோகும் அளவு தீக்காயம் பட்ட உடம்பு என்றால் தண்ணீருக்குப் பதில் சுத்தமான மண்ணைக் கொண்டு தயம்மும் செய்துவிடுவார்கள்.

பலகையில் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதும் இந்த வேலையின் சட்டம். முகம் கறுத்திருந்தது, புண் இருந்தது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. கூட்டத்தில் வாய் நீளமான பெண்ணை நான் உள்ளே விடுவதே இல்லை.

கபன் பற்றிச் சுருக்கமாக. ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. உங்கள் அம்மாவுக்குப் பெரிய போர்வை ஒன்று, அதற்குள் தலையிலிருந்து கால்வரை ஒரு துணி, தையல் இல்லாத சட்டை ஒன்று, தலைத்துணி, மார்புக்கட்டு என்று ஐந்து. அளவு சொல்கிறேன், கடையில் துணி வாங்க உதவும். அம்மா ஐந்து அடி உயரம் என்றால் வெளிப் போர்வை ஏழு அடி வேண்டும், தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒவ்வோர் அடி மிஞ்சினால்தான் முடிச்சுப் போட முடியும். இடப்புறத்தை முதலில் மடித்து அதன்மேல் வலப்புறத்தை மடிப்போம், உயிரோடு இருக்கிறவர்கள் உடுத்துகிற மாதிரி. முடியை ஹனஃபிகள் இரண்டாகப் பிரித்து மார்பின்மேல் விடுகிறோம். தொண்டியில் மூன்று பின்னல் போட்டு முதுகுப்பக்கம் விட்டிருப்பார்கள். உம்மு அதிய்யா அப்படித்தான் பின்னினார். பின்னி விடுவது அலங்காரம், அதை அவர் தாமாகச் செய்தார், நபிகள் சொல்லிச் செய்யவில்லை என்பது ஹனஃபி வாதம். துணி வெள்ளைப் பருத்தி, விலை உயர்ந்தது வேண்டாம். அபூபக்கர் அவர்கள் மரணப்படுக்கையில், உடுத்தியிருந்த பழைய துணியைத் துவைத்து அதிலேயே தம்மைக் கபனிடச் சொன்னார்கள். புதிது என்றால் அது இறந்தவரைவிட உயிரோடு இருப்பவருக்குத்தான் அதிகம் தேவை என்றார்கள். பட்டுப் புடவையைச் சுற்றி அனுப்ப வேண்டும் என்று எந்தப் பேத்தி அழுதாலும் இதைத்தான் சொல்வேன்.

இங்கே உங்கள் அத்தாவுக்குத் திரும்பி வருகிறேன். மனைவியின் கபன் செலவு யாருடையது? மனைவிக்குச் சொத்தே இருந்தாலும் அது கணவன் பொறுப்பு என்றுதான் ஹனஃபி ஃபத்வா, இமாம் அபூ யூசுஃபின் கருத்துப்படி. உயிரோடு இருந்தபோது உடுக்கத் துணி கொடுத்தவர், கடைசித் துணியையும் அவரே கொடுக்கட்டும் என்பது காரணம். ஆகவே வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் "நான் தருகிறேன்" என்று பர்ஸை எடுக்கும்போது, அத்தாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தொழுகையிலும் அவருக்கு இடம் இருந்தது. அங்கே நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. ஜனாஸா தொழுகையை நடத்தும் உரிமை முதலில் மஹல்லா இமாமுக்கு, பிறகு நெருங்கிய ஆண் உறவினருக்கு. அம்மாவின் தகப்பனார் இல்லை என்றால் மகனாகிய நீங்கள். நிக்காஹ் முடிந்துவிட்டது என்ற அதே காரணத்தால் கணவன் பட்டியலில் பின்னால்தான் வருவார். ஆனால் நூல்களில் அடுத்த வரியிலேயே, இறந்த பெண்ணுக்குக் கணவனும் அவனுக்குப் பிறந்த வயதுவந்த மகனும் இருந்தால் உரிமை மகனுக்குத்தான், என்றாலும் தகப்பனை விட்டு மகன் முந்துவது அழகில்லை, மகன் தன் தகப்பனை முன்னே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே இமாம் விட்டுக்கொடுத்து, நீங்கள் அத்தாவின் கையைப் பிடித்து முன்னே நிறுத்தியிருந்தால், குளிப்பாட்ட முடியாத மனிதர் அம்மாவுக்காகத் தொழுகை நடத்தியிருப்பார். பள்ளியில் யாரும் தடுத்திருக்க முடியாது. நடந்து முடிந்ததற்கு வருத்தப்பட இதைச் சொல்லவில்லை. உங்கள் ஊரில் அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள்.

அந்தத் தொழுகையில் ருகூவும் ஸஜ்தாவும் ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது இறந்தவருக்காக நின்று கேட்கும் துஆ, வழக்கமான தொழுகையின் முழு வடிவம் அதற்கு வேண்டியதில்லை. மய்யித்து முன்னால் கிடக்கும்போது நெற்றியைத் தரையில் வைத்தால் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும் என்பதையும் ஆலிம்கள் சொல்வார்கள். நான்கு தக்பீர்தான். முதலாவதுக்குப் பின் இறைவனைப் புகழ்வது, இரண்டாவதுக்குப் பின் நபிமேல் ஸலவாத்து, மூன்றாவதுக்குப் பின் மய்யித்துக்கு துஆ, நான்காவதுக்குப் பின் ஸலாம். ஒருவரிடம் உதவி கேட்கப் போனால் முதலில் அவரைப் புகழ்ந்து, அவருக்குப் பிரியமானவரைச் சொல்லி, அப்புறம்தானே விஷயத்துக்கு வருவோம்? அதே வரிசைதான். தொண்டியில் முதல் தக்பீருக்குப்பின் ஃபாத்திஹா ஓதுவார்கள். அங்கே போய் ஜனாஸாவில் நின்றால் குழம்ப வேண்டாம்.

தொழுகைக்கு முன் கடன் இருக்கிறதா என்று அறிவிக்கிறார்களே, அது சடங்குக்காக இல்லை. கடனை அடைக்க ஒன்றும் விட்டுச்செல்லாத ஒருவருக்குத் தொழவைக்க நபிகள் முன்வராமல், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்றார்கள். அபூ கத்தாதா என்ற தோழர் அந்தக் கடனைத் தாம் ஏற்றபின்தான் தொழவைத்தார்கள். அடக்கச் செலவு போக மிஞ்சியதில் முதலில் கடன், பிறகு வஸிய்யத், அதன் பிறகுதான் வாரிசுகளின் பங்கு.

இனி மையவாடி. அம்மாவை இறக்கும்போது கபுருக்கு மேல் ஒரு போர்வையை நாலு பேர் பிடித்திருப்பார்கள், பெண்ணின் கபன் விலகினாலும் யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக. உள்ளே இறங்க மகன், சகோதரன் போன்ற, நிக்காஹ் செய்யவே கூடாத உறவுள்ள மஹ்ரமான ஆண்களே முந்திய உரிமை உள்ளவர்கள். உங்கள் ஊர்க் குழியையும் தொண்டிக் குழியையும் பார்த்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்கும், ஆனால் அதற்குக் காரணம் மத்ஹப் இல்லை, மண். தரையில் தோண்டிய குழியின் கிப்லாப் பக்கச் சுவரில் உள்ளே குடைந்து உடலை வைப்பது லஹது. குழியின் நடுவில் ஒரு வாய்க்கால் போல் தோண்டி, அதில் வைத்து மேலே பலகை அடுக்குவது ஷக்கு. லஹதுதான் சிறந்தது, நபிகளின் கபுர் அப்படித்தான். கெட்டிச் செம்மண்ணும் சரளையும் உள்ள இடத்தில் குடைவு நிற்கும். கடற்கரை மணலில் குடைந்தால் சரிந்து விழும், ஆகவே அங்கே ஷக்கு. தோண்டுகிறவர் மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். மழைக்காலத்தில் நம் ஊரிலும் லஹதைப் பிடிவாதமாக வெட்டச் சொல்லக் கூடாது.

கிடத்துவது வலப்பக்கம் சாய்த்து, முகம் கிப்லாவை நோக்கி. இங்கிருந்து மக்கா மேற்கே, கொஞ்சம் வடக்கு சாய்ந்து. அதனால் தலை வடக்கே வரும். "வடக்கே தலை வைத்துப் படுக்காதே" என்று கேட்டு வளர்ந்த அண்டை வீட்டுக்காரர்கள் இதைப் பார்த்து, அதற்கு ஏதோ பொருள் இருக்கிறது என்று நினைப்பார்கள். வடக்கு முக்கியமே இல்லை. மக்காவுக்கு மேற்கே உள்ள நாட்டில் இதே சட்டப்படி தலை தெற்கே வரும். வைத்தபின் கபனின் முடிச்சுகளை அவிழ்த்துவிடுவோம். தூக்கிவரும் வழியில் துணி பிரியாமலிருக்கப் போட்டது அது, அதன் வேலை முடிந்தது. பிறகு ஒவ்வொருவரும் தலைமாட்டிலிருந்து மூன்று பிடி மண் போடுவோம். "இதிலிருந்தே உங்களைப் படைத்தோம்" என்று தொடங்கும் தாஹா அத்தியாயத்தின் 55ஆம் வசனத்தின் மூன்று துண்டுகளை மூன்று பிடிக்கும் ஒவ்வொன்றாக ஓதுவார்கள். மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஒட்டகத் திமில் போல் மண் குவித்தால் போதும், அங்கே ஒரு கபுர் இருக்கிறது, மிதிக்காதே என்று தெரிவதற்கு. கபுரைச் சாந்து பூசிக் கட்டுவதை நபிகள் தடுத்ததாக ஹதீஸ் இருக்கிறது, கிரானைட் கேட்டு யாராவது வந்தால் அதைச் சொல்லுங்கள்.

அத்தா இப்போது எப்படி இருக்கிறார்? மையவாடிக்குப் போய் வர ஆசைப்பட்டால் அழைத்துப் போங்கள். கபுருக்குப் பக்கத்தில் நின்று ஸலாம் சொல்லி துஆ கேட்பதற்கு எந்த மத்ஹபிலும் கணவனுக்குத் தடை இல்லை.